கேள்வியின் கடைசி வரியில் ஒரு சொல்

அன்புள்ள குமரா,

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்குள் சட்டைகளை அடுக்கிக்கொண்டே, "அம்மா, ஒரு க்வெஸ்சன் பேப்பர் செட் பண்ண எவ்ளோ டைம் ஆகும்?" என்று கேட்டாய். இந்தூர் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த முதல் பருவத்திலேயே பொருளாதாரத் தாள் ஒன்றை உன் தலையில் கட்டிவிடுவார்கள் போலிருக்கிறது என்று கவலைப்பட்டாய். "ரெண்டு நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டு நான் குக்கரை இறக்கப் போய்விட்டேன். அது சரியான பதில் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் சட்டக் கல்லூரியில் குற்றவியல் சட்டம் நடத்திவிட்டு இந்த மாதம் ஓய்வு பெறுகிறவள் சொல்லக்கூடிய பதிலும் இல்லை. சரியான பதிலைச் சொல்ல எனக்கு இத்தனை பக்கம் தேவைப்படுகிறது. இதைத் தமிழில் எழுதுவதைப் பார்த்து நீ முகம் சுளிப்பாய் என்று தெரியும். பூசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உனக்குக் கிடைத்த தமிழ், நீ டில்லிப் பையனாக வளர்ந்த வேகத்தில் பாதி போய்விட்டது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். வாசி, பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் வருவதைப்போல இதை ஒரே மூச்சில் தள்ளிவிட்டுப் போகாமல் இருப்பாய் அல்லவா, எனக்கு அது போதும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஏப்ரல் கடைசியில், ஒரு ராத்திரி நான் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கலாம். அப்பா அலுவலக வேலையாகக் கௌகாத்தி போயிருந்தார். நீ முன்னறையில் கூலருக்கு எதிரே மடிக்கணினியை வைத்துக்கொண்டு உன் எம்.ஏ. ப்ராஜெக்ட்டை எழுதிக்கொண்டிருந்தாய். இடையில் சார்ஜர் வேண்டும் என்று கதவைத் தட்டினாய்; நான் கதவை ஒரு சாண் திறந்து சார்ஜரை நீட்டிவிட்டு மறுபடி சாத்தினேன். மறுநாள் காலையில், "எம்மேல ஏதாச்சும் கோவமாம்மா?" என்று கேட்டாய். கோபம் இல்லையடா. மேசையில் இருந்தது பருவத் தேர்வின் வினாத்தாள். அதை அமைக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத் தேர்வுக் கிளையிலிருந்து ஆணை வந்தால், நம் வீட்டார் யாரும் அந்தத் தேர்வை எழுதவில்லை என்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அமைத்தது நான்தான் என்று கணவன், பிள்ளை, பக்கத்து நாற்காலி ஆசிரியர் யாருக்கும் சொல்லக்கூடாது. இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் தட்டச்சு செய்வேன். உனக்குச் சொல்லாமல் மறைத்தது நம்பிக்கை இல்லாததால் அல்ல. இந்த ஒரு விஷயத்தில் யாரை நம்பலாம் என்று யோசிக்கவே எனக்கு உரிமை இல்லை.

வினாத்தாள் அமைப்பது என்றால் எட்டுக் கேள்வி எழுதிப் போடுவது என்றுதான் வெளியே இருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். பாடத்திட்டத்தில் எந்த அலகும் விட்டுப்போகக் கூடாது. எந்த அலகும் இரண்டு தடவை வந்து அதை மட்டும் படித்தவனுக்கு அதிர்ஷ்டம் அடிக்கவும் கூடாது. மாணவன் இஷ்டப்பட்டதைத் தேர்ந்தெடுத்து எழுதலாம் என்று விட்டால், அந்தக் கேள்விகள் ஒன்றுக்கொன்று சமமான கனத்தில் இருக்கவேண்டும். ஒன்று மலையாகவும் ஒன்று மேடாகவும் இருந்தால் மேட்டை எடுத்தவன் ஜெயித்துவிடுவான். என் வகுப்பில் நான் விரிவாக விவாதித்த ஒரு வழக்கை அப்படியே கேட்டுவிட்டால், அதே தேர்வை வேறு கல்லூரிகளில் எழுதுகிற பிள்ளைகளுக்கு அது அநியாயம். கேள்வி நீளமாக இருந்தால், பார்வையில்லாத மாணவருக்காக விடை எழுதித் தருகிறவர் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டவே நேரம் போய்விடும். கூடுதல் நேரம் கொடுக்கிறார்கள், இருந்தாலும் வளவளவென்று எழுதுவதற்கு அது ஒரு சாக்கு ஆகாது. இது தவிர, ஒவ்வொரு கேள்விக்கும் விடைக் குறிப்பு எழுதித் தரவேண்டும், எந்த அம்சத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று. விடைத்தாள்களைத் திருத்தப்போவது வேறு யாரோ; அவர்கள் கையில் என் மனசு போகாது, அந்தக் குறிப்புதான் போகும்.

எல்லாவற்றிலும் கஷ்டம், சம்பவத்தைச் சொல்லிச் சட்டத்தைப் பொருத்தச் சொல்லும் கேள்வி. அந்த ராத்திரி நான் எழுதியது இதுதான். இப்போது சொல்லலாம், அந்தத் தாள் பழைய வினாத்தாள்களோடு நூலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கிடக்கிறது. கடும் வெயில் காலம். ஒரு காலனியில் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. வரிசையில் இரண்டு பேருக்குள் யார் முந்தி என்று வாய்ச்சண்டை. ஒருவன் மற்றவனுடைய கேனை எட்டி உதைக்கிறான். உதை வாங்கிய கேனுக்குச் சொந்தக்காரன், லாரிப் பக்கத்தில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்துத் தலையில் ஒரே ஒரு அடி அடிக்கிறான். அடித்தவனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகிறான். மறுநாள் அடிபட்டவன் இறந்துவிடுகிறான். அந்தக் காயம் சாதாரணமாகவே உயிரைப் போக்கப் போதுமானது என்று மருத்துவர் சொல்கிறார். முதலில் இரண்டு பேருக்கும் பெயர் வைத்திருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். எந்தப் பெயரை வைத்தாலும் அதில் ஒரு மதம், ஒரு சாதி, ஒரு ஊர் ஒட்டிக்கொண்டு வருகிறது. படிக்கிற பிள்ளை தனக்கே தெரியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆங்கிலத்தில் ஏ, பி என்றும் இந்தியில் அதே மாதிரி க, க்க என்றும் போட்டேன். சம்பவம் புதிய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு நடந்தது என்று ஒரு வரியும் சேர்த்தேன். இல்லாவிட்டால் பழைய சட்டமா புதிய சட்டமா என்று பாதிப் பேர் அங்கேயே தடுமாறி நிற்பார்கள். கடைசி வரி: பி-யைக் கொன்றதற்கு ஏ-யின் சட்டப் பொறுப்பு என்ன, விவாதிக்க.

இதில் என்ன சிக்கல் என்று நீ கேட்பாய். ஒரு மனிதன் செயலால் இன்னொருவன் செத்தான் என்றால் அது எப்போதும் கொலை ஆகிவிடாது. மரணம் விளைவித்த குற்றம் என்று ஒரு பெரிய வட்டம் இருக்கிறது. அதற்குள்ளே இன்னும் கொடிய ஒரு சின்ன வட்டம்தான் கொலை. முன்திட்டம் இல்லாமல், திடீர்ச் சண்டையில், ஆத்திரத்தில், எதிராளியின் நிலைமையைப் பயன்படுத்திக்கொள்ளாமல், கொடூரமாகவும் நடக்காமல் செய்த செயல் என்றால், சின்ன வட்டத்திலிருந்து வெளியே வர விதிவிலக்கு உண்டு. வெளியே வந்தால் தூக்கு கிடையாது, தண்டனையும் குறையலாம். என் கேள்வியில் காயம் உயிர் போகப் போதுமானது, அதனால் கொலை என்று வாதாடலாம். ஒரே அடி, திடீர்ச் சண்டை, தானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான், அதனால் கொலை இல்லை என்றும் வாதாடலாம். வெறுங்கையோடு இருந்தவனை இரும்பால் அடித்தானே, அது அவன் நிலைமையைப் பயன்படுத்திக்கொண்டது ஆகாதா என்று திருப்பியும் கேட்கலாம். எந்த முடிவுக்கு வந்தாலும் மதிப்பெண் உண்டு; போகிற பாதைதான் முக்கியம். நல்ல கேள்வி என்று எனக்கே ஒரு சின்னக் கர்வம்.

பிறகு அதை இந்தியில் எழுதினேன். எங்கள் தாள்கள் இரண்டு மொழியிலும் அச்சாகும், உனக்குத் தெரியும். மாணவர் எதில் வேண்டுமானாலும் எழுதலாம். என் இந்தி கல்யாணம் ஆகி மதுரையிலிருந்து வந்த பிறகு காய்கறிக்காரரிடமும் டிடிசி பஸ்ஸிலும் பிடித்த இந்தி. அதைச் சட்ட இந்தியாக மாற்ற நான் பட்ட பாடு தனிக் கதை. பழைய வினாத்தாள்களில் எப்படி எழுதியிருக்கிறார்களோ அதே வாசக அமைப்பை எடுத்துப் போட்டு எழுதி முடித்தேன். எல்லாம் முடிந்தது என்று கணினியை அணைக்கப் போனபோதுதான் செல்வியின் ஞாபகம் வந்தது.

செல்வி என் மாணவி, நீ பார்த்ததில்லை. சேலம் பக்கத்துக் குடும்பம். அவள் அம்மா லோதி ரோடு குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்கிறாள். செல்வி பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே ஒரு குடிசைப் பகுதியில், படித்தது அரசு இந்திப் பள்ளியில். என்னிடம் தமிழில் பேசுவாள், தேர்வு இந்தியில் எழுதுவாள். முந்தைய முறை இதே தாளில் தோற்றுப்போய், அதைத் திரும்ப எழுதப் பணம் கட்டியிருந்தாள். அந்த மாதம் ஒருநாள் வகுப்பு முடிந்து வராந்தாவில் என் பின்னாலேயே வந்தாள்.

"மேடம், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? இங்கிலீஷ்ல எழுதுறவங்களுக்குத்தான் மார்க் போடுறாங்க. நாங்க ஹிந்தில எழுதுறவங்க எல்லாரும் ஒரே கேள்வில அடிவாங்குறோம்."

"அப்படியெல்லாம் இல்லம்மா. பேப்பர்ல பேரே இருக்காது, நம்பர்தான் இருக்கும். நல்லா எழுதினா எந்த மொழியா இருந்தாலும் வரும்" என்றேன்.

"அச்சா மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தோற்ற பிள்ளைகள் சொல்கிற சமாதானம் என்றே நானும் நினைத்தேன். ஆனால் எல்லோரும் ஒரே கேள்வியில் என்று அவள் சொன்னது அந்த ராத்திரி மனசில் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நானே அமைத்த தாளை நானே பேனா பிடித்து எழுதிப் பார்ப்பேன், அந்த நேரத்துக்குள் எழுத முடிகிறதா என்று. அத்தனை வருடமும் ஆங்கிலத் தாளை வைத்துத்தான் எழுதிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஆங்கிலத் தாளைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, இந்தித் தாளை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டேன். ஆங்கிலம் தெரியாதவள் என்று என்னையே நினைத்துக்கொண்டு, தண்ணீர் லாரிக் கேள்வியை எழுத ஆரம்பித்தேன்.

படித்தேன். வெயில், லாரி, கேன், குழாய், ஆஸ்பத்திரி. கடைசி வரிக்கு வந்தேன். அதில், க்க-வின் ஹத்யாவுக்காக க-வின் பொறுப்பை விவாதிக்க என்று இருந்தது. நானும் இந்தியில் முதல் வரி எழுதினேன்: க செய்தது ஹத்யா, அதற்கான தண்டனை இன்ன பிரிவின்படி... பேனா அப்படியே நின்றுவிட்டது. வட்டம் எங்கே, விதிவிலக்கு எங்கே, ஒரே அடி எங்கே? எதுவுமே எழுதத் தோன்றவில்லை. கேள்வியே தீர்ப்பைச் சொல்லிவிட்டதே! ஆங்கிலத்தில் நான் போட்ட கில்லிங் என்ற சொல், ஒருவனால் உயிர் போனது என்பதை மட்டும் சொல்கிறது. கொலையா இல்லையா என்பதைத் திறந்தே வைத்திருக்கிறது. இந்திச் சட்டப் புத்தகத்திலோ ஹத்யா என்பது கொலைக்கே உரிய பெயர். பெரிய வட்டத்துக்கு அங்கே வேறு நீண்ட பெயர் இருக்கிறது. தமிழிலும் பேப்பர்க்காரர்கள் அடிபட்டுச் செத்தால் கொலை என்றுதான் தலைப்புப் போடுகிறார்கள். அந்தப் பழக்கத்தில் என் கண் அந்தச் சொல்லை எந்த உறுத்தலும் இல்லாமல் தாண்டிப் போயிருந்தது. ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒரே தேர்வை எழுதுகிற இரண்டு பிள்ளைகளுக்கு நான் இரண்டு வேறு கேள்விகள் கொடுக்க இருந்தேன். ஆங்கிலத்தில் படிக்கிறவனுக்குத் திறந்த கேள்வி. இந்தியில் படிக்கிறவளுக்கு மூடிய கதவு. அப்புறம் திருத்துகிறவர், என் விடைக் குறிப்பை வைத்துக்கொண்டு, இந்த இந்திப் பிள்ளைகள் விதிவிலக்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே என்று மதிப்பெண்ணை வெட்டுவார்.

எனக்கு என் காது மேல் நம்பிக்கை இல்லை. வெளியே வந்து உன்னிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? கேள்வியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஒரு சொல்லை மட்டும்தான் கேட்டேன்.

"குமரா, ஹத்யான்னா உனக்கு என்னடா தோணுது?"

நீ திரையிலிருந்து தலையைத் தூக்காமலே, "மர்டர்தான், வேற என்ன? ஏம்மா, யாரைப் போடப்போற?" என்றாய்.

நான் சிரித்துவிட்டு உள்ளே போனேன். ஹத்யாவை எடுத்துவிட்டு மிருத்யு என்று மாற்றினேன். க்க-வின் மரணத்துக்காக க-வின் பொறுப்பு. மாற்றிய பிறகு மறுபடி இந்தித் தாளை மட்டும் வைத்து முதலிலிருந்து எழுதினேன். இந்தத் தடவை விதிவிலக்கு தானாக வந்தது. எட்டுக் கேள்விகளையும் அப்படியே இந்தியில் எழுதிப் பார்த்தேன். இன்னொன்றில், செய்யலாம் என்று இருக்கவேண்டிய இடத்தில் செய்யவேண்டும் என்று போட்டிருந்தேன். அதையும் திருத்தினேன். மலை மந்திர் கோயில் பக்கம் காக்கை கத்த ஆரம்பித்தபோதுதான் உறையை ஒட்டி முத்திரை வைத்தேன்.

அதோடு முடியவில்லை. தேர்வுக் கிளையில், பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து வினாத்தாளைச் சரிபார்ப்பார்கள். தேவைப்பட்டால் அமைத்தவரையும் கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். சரிபார்க்க வந்தவர்களில் ஒருவர் சக்சேனா சார். என்னைவிட மூத்தவர், அலகாபாத்காரர், அவர் இந்திக்கு முன்னால் நான் வாயைத் திறக்கவே கூச்சப்படுவேன். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தவர், என் மிருத்யுவை அடித்துவிட்டு மேலே ஹத்யா என்று எழுதினார். அவர் இந்தியில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"மேடம், மரணத்துக்குப் பொறுப்பு என்று யாரும் எழுதுவதில்லை. கேட்கவே நன்றாக இல்லை. எப்போதும் இப்படித்தான் கேட்டு வருகிறோம்."

"சார், ஹத்யா என்று போட்டால் பதில் கேள்விக்குள்ளேயே வந்துவிடுகிறது."

"தாளின் தலைப்பில்தான் போட்டிருக்கிறதே, இரண்டு மொழிக்கும் வித்தியாசம் இருந்தால் ஆங்கிலமே இறுதியானது என்று. அப்புறம் என்ன கவலை?"

"வித்தியாசம் இருக்கிறது என்று தெரிய, ஆங்கிலமும் படித்துப் புரியவேண்டுமே சார். அது தெரிகிற பிள்ளை ஏன் இந்தியில் எழுதுகிறது?"

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வாதாடினால் நான் தோற்பேன் என்று தோன்றியது. ஆங்கிலப் பக்கத்தை மடித்து என் பக்கம் வைத்துக்கொண்டு, இந்திப் பக்கத்தை அவர் முன்னால் நகர்த்தினேன். "சார், நீங்கள் மாணவர். இதை மட்டும் பார்த்து, முதல் வரி என்ன எழுதுவீர்கள் என்று சொல்லுங்கள்" என்றேன். கொஞ்சம் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். "க ஹத்யா செய்திருக்கிறான். ஹத்யாவின் இலக்கணம்..." என்று சொன்னவர் நிறுத்திவிட்டார். மறுபடி கேள்வியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன தாளை அமைத்தது நான்தான். அதிலும் இதே வாக்கியம்" என்றார் மெதுவாக. அதை அவர் என்னிடம் சொல்லவேண்டிய அவசியமே இல்லை, சொல்லவும் கூடாது. தன் கையாலேயே தான் எழுதியதை அடித்துவிட்டு, மிருத்யு என்று திரும்ப எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தேர்வுக் கிளைக்கு எழுதினோம். போன தாளின் மறுமதிப்பீட்டுக்குக் காலக்கெடு முடிந்துவிட்டது, அதைத் திறக்க முடியாது என்று பதில் வந்தது. அது எனக்கு இன்னும் ஆறாத விஷயம். ஆனால் இனிமேல் இந்தித் தாளை ஆங்கிலத்தைப் பார்க்காத ஒரு ஆசிரியர் தனியாகப் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்குப் போகும் என்று விதி செய்தார்கள். அது இன்றும் நடக்கிறது.

தேர்வு நாள் வந்தது. மேற்பார்வைக்கு வரவேண்டிய ஒருவர் வரவில்லை. என்னை அந்த அறைக்குப் போகச் சொன்னார்கள். நான் அமைத்த தாள், நான் போகமாட்டேன் என்று சொல்ல முடியுமா? சொன்னால் அமைத்தது யார் என்று தெரிந்துவிடும். போனேன். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு தாள்களைக் கொடுத்தேன். மூன்றாவது வரிசையில் செல்வி. கேள்வித்தாளைப் படித்தாள், எழுத ஆரம்பித்தாள், நிறுத்தினாள். கையைத் தூக்கினாள். பக்கத்தில் போனேன். விரலைக் கடைசி வரி மேல் வைத்துக்கொண்டு, தணிந்த குரலில், தமிழில் கேட்டாள்.

"மேடம், இது மிஸ்பிரிண்டா? ஹத்யான்னு இருக்கணும்ல?"

குமரா, அந்த நிமிஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது? அந்த அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. இல்லை, வேணும்னுதான் அப்படிப் போட்டிருக்கு என்று நான் தமிழில் முணுமுணுத்தால் போதும், அவளுக்குக் கதவு திறந்துவிடும். ஏற்கெனவே ஒரு தடவை அநியாயத்தால் தோற்ற பெண். அவள் அம்மா அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் தேய்த்துத் தேர்வுப் பணம் கட்டியிருக்கிறாள். போன தடவை அவளுக்கு நடந்ததை இந்தத் தடவை நான் சரிக்கட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதே வரிசையில் அவளுக்கு இந்தப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற ஒரு போலீஸ் கான்ஸ்டபிள், அந்தப் பக்கம் ஓக்லாவிலிருந்து வருகிற ஷப்னம். இரண்டு பேரும் இந்தியில்தான் எழுதுகிறவர்கள், இரண்டு பேர் விரலும் அதே கடைசி வரியில் இருந்ததைப் பார்த்தேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாதது அவர்கள் குற்றமா? ஒரு சொல்லைச் சரிசெய்ய ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தவள், அந்தச் சொல்லை வைத்தே வேறொரு அநியாயம் செய்ய இருந்தேன்.

நான் நிமிர்ந்து, அறை முழுக்கக் கேட்கும்படி இந்தியில் சொன்னேன்: "ஜோ சப்பா ஹை, வஹீ சவால் ஹை." என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் கேள்வி. எல்லாத் தலைகளும் நிமிர்ந்து, மறுபடி தாளில் குனிந்தன. செல்வி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அடிபட்ட பார்வை அது. நம்ம ஊர் மேடம் இப்படிப் பேசிவிட்டாரே என்று கண்ணில் எழுதியிருந்தது. நான் நகர்ந்து போய்விட்டேன். ஜன்னல் பக்கம் நின்றபடி ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் கேள்வியை உதடு அசையப் படித்தாள். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தாள். பிறகு தான் எழுதிய முதல் வரியைக் குறுக்காக அடித்துவிட்டு, வேறு ஒரு வரி எழுத ஆரம்பித்தாள். ஷப்னமும் ஒரு வரியை அடித்தாள். கான்ஸ்டபிள் மட்டும் அடிக்கவில்லை. அவர் ஆரம்பத்திலேயே சரியாகப் பிடித்திருந்தாரோ, கடைசி வரை பிடிக்கவே இல்லையோ, எனக்குத் தெரியாது. விடைத்தாளில் எண்தான் இருக்கும், பெயர் இருக்காது. யார் எத்தனை வாங்கினார்கள் என்று எனக்குத் தெரிய வழியே இல்லை, தெரியவும் கூடாது.

செல்வி தேறிவிட்டாள். வழக்கறிஞராகப் பதிவும் செய்துவிட்டாள். இந்த ஜனவரியில் சாகேத் கோர்ட்டுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தபோது, கறுப்புக் கோட்டோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். டீ வாங்கிக் கொடுத்தாள். பேச்சு எங்கெங்கோ போய் அந்தத் தேர்வுக்கு வந்தது.

"உங்க மேல எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா மேடம்? ரெண்டு நாள் சாப்பாடே இறங்கல. தமிழ்ல கேட்டேன், நீங்க ஊருக்கே கேக்குற மாதிரி ஹிந்தில சொல்லிட்டீங்க."

"இப்பவும் கோவமா?"

"இப்ப இல்ல." டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள். "ஆனா ஒண்ணு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு மேடம். அந்த எக்செப்ஷன் எல்லாம் எழுதினேன். சடன் ஃபைட், ஒரே அடி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, எல்லாம். ஆனா கடைசில, வெறுங்கையோட நின்னவனை இரும்பால அடிச்சது தப்புதான், இது ஹத்யாதான்னு முடிச்சுட்டேன். அது தப்பா?"

"காரணம் எழுதினியா?"

"மூணு பக்கம் எழுதினேன்."

"அப்ப தப்பே இல்லை" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கவேண்டும் நீ. தாளில் எழுதியிருந்த சொல்லால் அவள் அந்த முடிவுக்கு வரவில்லை. அவளே யோசித்து வந்தாள். முடிவு ஒன்றாகவே இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. கட்சிக்காரர் ஒருவர் கூப்பிட்டார் என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள்.

இந்தூரில் உன் முன்னால் உட்காரப் போகிற பிள்ளைகளும் பாதி இந்திப் பள்ளியிலிருந்தும் பாதி ஆங்கிலப் பள்ளியிலிருந்தும் வருவார்கள். உன் தாளில் வளைகோடுகள் இருக்கும், கணக்கு இருக்கும், என் மாதிரி குழாயும் கேனும் இருக்காது. இருந்தாலும் உன் இந்தித் தாளை எடுத்துவைத்து, ஆங்கிலத்தைப் பூட்டிவிட்டு, நீயே உட்கார்ந்து எழுதிப் பார். உன் இந்தி என் இந்தியைவிட நூறு மடங்கு நல்லது, அதனால்தான் நீ கவனமாக இருக்கவேண்டும். உனக்கு எதுவும் உறுத்தாது. திருத்தப் போகிறவருக்கு எழுதும் குறிப்பில் சோம்பல் படாதே. தப்பு கண்டுபிடித்த பிறகு யாராவது மூத்தவர் வேண்டாம் என்று சொன்னால், வாக்குவாதம் செய்யாதே. தாளை அவர் கையில் கொடுத்து எழுதச் சொல். அப்புறம், உனக்குப் பிடித்த பிள்ளை என்று ஒன்று கட்டாயம் வரும். வராத ஆசிரியர் கிடையாது. அந்தப் பிள்ளை ஏதாவது கேட்டால், மற்றவர்களுக்கும் புரிகிற மொழியில் பதில் சொல். அது கொஞ்சம் வலிக்கும், உனக்கும் வலிக்கும், அந்தப் பிள்ளைக்கும் வலிக்கும். பொறுத்துக்கொள்.

ரயிலுக்குப் புளியோதரை கட்டித் தருகிறேன், ஆர்.கே.புரத்திலிருந்து நிஜாமுதீன் வரை நான் வரவேண்டாம் என்று சொல்லாதே, வருவேன். போய்ச் சேர்ந்ததும் முதல் வகுப்பு எப்படிப் போயிற்று என்று ஃபோன் செய். முதல் வினாத்தாளைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லாதே. நான் கேட்டாலும் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா